இன்சுலினின் இரவு வேலை

கனடா நாட்டு டொராண்டோ நகரின் மருத்துவமனை ஒன்றில், 1922ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள், லெனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த சாறு ஊசி மூலம் செலுத்தப்பட்டது. பயன் சொற்பமே, ஊசி போட்ட இடத்தில் கட்டி கண்டது. பன்னிரண்டு நாட்களுக்குப் பின், காலிப் என்னும் இரசாயன அறிஞர் தூய்மைப்படுத்திக் கொடுத்த சாறே சிறுவனுடைய இரத்தத்தின் சர்க்கரையை விரைந்து இறக்கியது. இக்கதையை நேயர்களிற் பலர் அறிவர். ஆயின் அதன் பின்னே எழுந்த இடர்ப்பாடொன்றைப் பற்றியே நாம் இங்குப் பேச விரும்புகிறோம். இன்சுலின் வேலை செய்தது. ஆனால் நீடித்து வேலை செய்யவில்லை.

அந்தத் தெளிந்த இன்சுலின், இன்றும் 'ரெகுலர்' என்ற பெயரில் விற்கப்படுவது, தோலின் அடியிற் சென்று அரைமணி நேரம் கழித்தே செயற்படத் தொடங்கும். இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் உச்சத்தை எட்டும். ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். இதை வளைகோடாக வரைந்தால், ஏறி இறங்கும் ஒரு சிறு குன்று போலத் தோன்றும். உணவுக்கு அது போதும். ஆனால் உடலுக்கு இன்சுலின் உணவின்போது மட்டுமா வேண்டும்? நாம் உறங்கும்போதும் கல்லீரல் சர்க்கரையை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. நலமுள்ள கணையம் இரவு பகலாகச் சிறு தாரையாக இன்சுலினைச் சுரந்து, கல்லீரலின் கையைப் பிடித்து வைக்கிறது. உணவு வரும்போது மட்டும் வெள்ளமாகச் சுரக்கிறது. தாரையும் வெள்ளமுமாகிய இவ்விரண்டையும் ஊசியால் செய்து காட்டுவது எவ்வாறு என்பதே கடந்த நூறாண்டுகளின் கேள்வி. தொடக்கக் காலத்தில், நோயாளியை நள்ளிரவில் எழுப்பி மீண்டும் ஓர் ஊசி போடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

முதல் விடை டென்மார்க்கிலிருந்து வந்தது. கோபன்ஹேகனில் ஹாகெடார்ன் என்ற மருத்துவர், டிரவுட் மீனின் விந்திலிருந்து கிடைக்கும் புரோட்டமின் என்ற புரதத்தை இன்சுலினோடு சேர்த்து, 1936இல் வெளியிட்டார். இரண்டும் கூடியபோது, உடலின் இயல்பான நிலையிற் கரையாத கலங்கல் உண்டாயிற்று. அது தோலடியில் படிந்து, சிறிது சிறிதாகவே கரைந்து இரத்தத்தில் ஏறியது. அதே ஆண்டில் டொராண்டோவில் ஸ்காட், பிஷர் ஆகிய இருவர் துத்தநாகத்தையும் சேர்த்து அதன் ஆயுளை ஒரு நாளுக்கும் மேலாக நீட்டினர். அதில் ஒரு குறை இருந்தது. புரோட்டமின் தேவைக்கு மேல் இருந்தபடியால், அதே ஊசிக்குழலில் ரெகுலரையும் சேர்த்தால், உபரிப் புரோட்டமின் அதனையும் பிடித்து மந்தமாக்கிவிட்டது. எனவே உணவுக்கொரு ஊசி, இரவுக்கொரு ஊசி என்று தனித்தனியே குத்தவேண்டியதாயிற்று.

ஹாகெடார்னின் நிலையத்தார் 1946இல் இக்குறையை நீக்கினர். இன்சுலினும் புரோட்டமினும் ஒன்றுக்கொன்று சரியாக ஈடுகொள்ளும் அளவில் கலந்து, உபரி இல்லாத படிகங்களை ஆக்கினர். இதுவே என்.பி.எச். எனப்படும் நடுத்தர இன்சுலின். 1950இல் விற்பனைக்கு வந்து, இன்றும் புழங்குகிறது. ரெகுலரோடு கலந்தாலும் இரண்டும் தத்தம் வேலையைத் தனித்தனியே செய்யும். புட்டியின் அடியில் வெண்மையாகப் படிந்திருப்பதால், உள்ளங்கைகளுக்கிடையே பலமுறை உருட்டிச் சீராகக் கலக்கவேண்டும். இதில் அசட்டையாய் இருந்தால், அளவு ஒன்றாயினும் பலன் நாளுக்கு நாள் வேறுபடும்.

ஆனால் என்.பி.எச். இன்சுலினும் தாரையன்று, அதுவும் ஒரு குன்றே, சற்று நீண்டது. ஏறக்குறைய நான்காம் மணியிலிருந்து எட்டாம் மணி வரை அதன் உச்சம். பதினான்கு மணி அளவில் அது தேய்ந்துவிடும். இங்கேதான் வளைகோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தில்லியில் அலுவல் புரியும் நம்மவர் ஒருவர், காலை 7 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இவ்விரண்டையும் கலந்து போட்டுக்கொள்கிறார் என்று கொள்வோம். காலையில் போட்ட ரெகுலர் சிற்றுண்டியைக் கவனித்துக்கொள்கிறது. பகல் 11 மணிக்கு மேல் என்.பி.எச். உச்சத்தை எட்டும்போது, ரெகுலரின் கடைவாலும் மிச்சமிருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு உண்டால் தீங்கில்லை. ஊருக்குச் செல்லும் இரயிலில் சாப்பாடு இரண்டு மணிக்கு வந்தால், கை நடுங்கி, வியர்த்து, கண் இருண்டு வரும்.

இரவில் இது மேலும் வலிது. எட்டு மணிக்கு அவர் 6 யூனிட் ரெகுலரும் 10 யூனிட் என்.பி.எச்.சும் போடுகிறார். என்.பி.எச். நள்ளிரவு 12 முதல் 4 வரை உச்சத்தில் நிற்கிறது. அதன் முதற் பாதியில் ரெகுலரும் முற்றும் ஓயவில்லை. உடலின் இன்சுலின் தேவையோ அந்நேரத்தில்தான் மிகக் குறைவு. பின்னர், விடியற்காலையில், விழித்தெழுவதற்கு ஆயத்தமாக உடல் சுரக்கும் வேறு சுரப்புநீர்கள் சர்க்கரையை ஏற்றுகின்றன, அப்போது என்.பி.எச். இறங்கத் தொடங்கிவிடுகிறது. வேண்டாத வேளையில் மிகுதி, வேண்டிய வேளையில் குறைவு.

காலையில் சோதித்தால் சர்க்கரை 210. 'மருந்து போதவில்லை' என்று கருதி, இரவு என்.பி.எச். 10இலிருந்து 14 ஆக உயர்த்தப்படுகிறது. காலைச் சர்க்கரை 200க்கும் கீழே வரவில்லை. ஆனால் தலையணை வியர்வையில் நனைந்திருக்கிறது, கெட்ட கனவுகள் வருகின்றன, எழும்போது தலைவலி. உண்மையை அறிய ஒரு வழி, அதிகாலை 3 மணிக்கு எழுந்து இரத்தத்தைச் சோதிப்பது. அங்கே 58 என்று வந்தால், குற்றம் அளவிலன்று, நேரத்தில். 3 மணிக்கும் 190 என்றே இருந்திருந்தால், அப்போது மருந்து உண்மையிலேயே போதாது என்று பொருள். காலை நேரத்து ஒரே எண் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது.

மாற்று எளிது. 6 யூனிட் ரெகுலர் எட்டு மணிக்கே இருக்கட்டும், என்.பி.எச். பழைய 10 யூனிட்டுக்குத் திரும்பி, படுக்கும்போது, 11 மணிக்குப் போடப்படட்டும். உச்சம் 3 முதல் 7 வரை நகர்ந்து, விடியற்கால ஏற்றத்தை எதிர்கொள்கிறது. ஓர் ஊசி கூடிற்று. நள்ளிரவுப் படிவு நீங்கிற்று. நோயாளியே இதனைச் செய்துவிடாமல், 3 மணி எண்ணை மருத்துவரிடம் காட்டிச் செய்துகொள்வதே முறை.

குன்றுகளையே மாற்றியமைக்கும் காலம் பின்னர் வந்தது. ரெகுலர் இன்சுலின் தாமதிப்பதன் காரணம், அதன் அணுத்திரளைகள் ஆறாறாகக் கட்டுண்டிருப்பதும், அவை பிரிந்த பின்னரே இரத்தத்தில் ஏறுவதுமாகும். அணுத்திரளையின் கோர்வையில் அடுத்தடுத்த இரண்டு கண்ணிகளை இடம் மாற்றினர்; கட்டு எளிதில் அவிழ்ந்தது. 1996இல் வந்த லிஸ்ப்ரோ என்ற இந்த அதிவேக இன்சுலின் கால்மணி நேரத்திற் செயற்பட்டு, நான்கைந்து மணியில் ஓய்கிறது. மறுபக்கம், 2000இல் வந்த கிளார்ஜின், புட்டியில் அமிலத்தில் தெளிவாய்க் கரைந்திருந்து, தோலடியில் அமிலம் நீங்கியதும் நுண்படிவாகி, ஏறக்குறைய ஒரு நாள் முழுதும் பெரிய உச்சமின்றிக் கரைகிறது. அந்த அமிலமே காரணமாக, அதனை வேறெதனோடும் ஒரே ஊசியிற் கலக்கலாகாது. தாரைக்கு ஒன்று, வெள்ளத்திற்கு ஒன்று என்ற பிரிவு இவ்வாறு கைகூடியது.

படிவு முற்றும் ஒழிந்ததா? இல்லை. உணவுக்குப் பின் இரண்டு மணியில் சர்க்கரை உயர்ந்திருக்கக் கண்டு பொறுமையிழந்து, மேலும் 4 யூனிட் அதிவேக இன்சுலின் போடுபவர் உண்டு. முதல் ஊசியில் ஏறத்தாழப் பாதி அப்போது இன்னும் வேலை செய்யாமல் நிற்கிறது; இரண்டும் சேர்ந்து மூன்றாம், நான்காம் மணியில் இழுத்துவிடும்.

நம் நாட்டிலோ, முப்பது பங்கு ரெகுலரும் எழுபது பங்கு என்.பி.எச்.சும் முன்பே கலந்த புட்டியைப் பயன்படுத்துவோர் மிகப் பலர். விலை குறைவு, ஊசி இரண்டே. ஆனால் இரு குன்றுகளும் அதில் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. இரவுப் பங்கை மட்டும் 11 மணிக்குத் தள்ள அங்கே வழியில்லை. ஆகவே மருந்து மனிதனுடைய வேளைக்கு வருவதில்லை, மனிதன்தான் மருந்தின் வேளைக்கு உண்ணவேண்டும்.