ஓர் அங்குல இடைவெளியின் கதை

உப்பிலியபுரத்தில், பச்சைமலை அடிவாரத்து வெயிலில், 80 மீட்டர் நீளத்துக்கு ஒரு பள்ளிக் கட்டடம் எழும்பப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் நடுவே வரப்போகும் ஓர் அங்குல இடைவெளி, கடைக்கால் தோண்டும் முன்பே வரைபடத்தில் பிறந்துவிடுகிறது. 45 மீட்டருக்கு மேல் நீளும் கட்டடத்துக்குப் பொதுவாக எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் வேண்டும் என்பது ஐ.எஸ். 456 விதி. பொறியாளர் நடுவில் கோடு போட்டு, 40 மீட்டரில் இரண்டு கட்டடங்களாகப் பிரித்துவிடுகிறார்.

ஏன் பிரிக்க வேண்டும்? ஒரு டிகிரி சூடு ஏறினால் கான்கிரீட் மீட்டருக்குச் சுமார் 0.01 மில்லிமீட்டர் நீளும். மேல்தளத்தின் சூடு 25 டிகிரி ஏறினால் 80 மீட்டருக்கு 20 மில்லிமீட்டர். தளம் இருபுறமும் நீளப் பார்க்கும்; தரையில் ஊன்றிய தூண்கள் விடாது. நடுத்தூணுக்கு ஒன்றும் ஆகாது. கோடித் தூண்களின் தலைதான் 10 மில்லிமீட்டர் வெளியே தள்ளப்படும். அதனால்தான் நீளமான கட்டடங்களில் கோடி வகுப்பறைச் சுவர்களில் முதலில் வெடிப்பு விழுகிறது. இரண்டாகப் பிரித்துவிட்டால் அந்தத் தள்ளல் 5 மில்லிமீட்டராகப் பாதியாகிறது. நடுவே எதிரெதிராக வரும் இரண்டு ஐந்தையும் அந்த அங்குலம் வாங்கிக்கொள்கிறது.

‘எல்’ வடிவக் கட்டடத்தை மூலையில் பிரிப்பதற்கு வேறு காரணமும் உண்டு. நிலம் அதிரும்போது இரண்டு கைகளும் வெவ்வேறாக ஆடி, சேரும் மூலையைக் கிழிக்கும்.

இனி இடைவெளி மண்ணுக்கு வருகிறது. அங்கே அது தேவையில்லை. பூமிக்கடியில் சூடு அவ்வளவாக மாறாது. ஒரே அஸ்திவாரத்தின் மேல் இரட்டைத் தூண்கள் எழும்பி, அங்கிருந்துதான் பிரிவு தொடங்கும். தூண், உத்தரம், தளம், சுவர், பூச்சு, கைப்பிடிச் சுவர் என மேலே எல்லாவற்றையும் அது அறுத்துக்கொண்டே போக வேண்டும். ஓர் இடத்தில் கம்பி குறுக்கே போனாலும் பிரித்தது வீண்.

இந்த இடைவெளிக்கு ஆபத்து வேலை நடக்கும் இடத்தில்தான். தார் ஊறிய நார்ப்பலகை வைத்திருக்க வேண்டிய சந்தில் கலவை விழுந்து இறுகிவிடும். கடைசியில் பூச்சுக்காரர் ‘விரிசல்’ என்று நினைத்து அதை மூடி மெழுகிவிடுவார். அடுத்த கோடையில் அதே கோட்டில் பூச்சு உடையும். மொட்டை மாடியில் இருபுறமும் சின்னத் திட்டு கட்டி, ஒரு பக்கம் மட்டும் பிடித்த மூடுபலகை போடாவிட்டால் முதல் மழையிலேயே வகுப்பறைக்குள் ஒழுகும்.

கட்டி முடித்த பிறகும் இந்த இடைவெளியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் இணைக்கும், 1976-ல் திறந்த காவிரிப் பாலத்தின் இதே வகை இணைப்புகள் தேய்ந்துபோய், அவற்றைச் சீரமைக்க 2022 செப்டம்பரில் போக்குவரத்தையே மாற்றிவிட வேண்டியதாயிற்று. கட்டடத்தில் அவ்வளவு அடி விழாது. ஆனால் சந்தை மூடிய ரப்பர் போன்ற பசை வெயிலில் காய்ந்து ஓரம் விடும். விரலால் அழுத்திப் பார்த்து, கெட்டியாக இருந்தால் சுரண்டி எடுத்துப் புதிதாக அடைக்க வேண்டும். அந்த இடத்தில் சிமென்ட் வைத்துப் பூசிவிடக் கூடாது.