அரியலூர்ப் பாறை அடுக்குகள்

திருச்சிக்கு வடகிழக்கே உள்ள அரியலூர்ப் பிரதேசம் கிரெட்டேஷியஸ் யுகத்தில் ஆழமற்ற கடலாயிருந்தபோது, மடிந்த அம்மோனைட் முதலிய பிராணிகளின் ஓடுகள் வண்டலில் விரைந்து புதையுண்டு, காலப்போக்கில் கரைந்தோ, தாதுப்பொருள்களால் நிரம்பியோ, அச்சாகவும் கல்லாகவும் எஞ்சின.

கலையாத அடுக்குகளில் கீழுள்ளதே மூத்தது என்னும் விதியின்படி, நிலவியலாளர் பிளான்ஃபோர்டு 1860களில் இங்குள்ள அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என அடிமுதல் மூன்று தொகுதிகளாக வகுத்தார். அடுக்குகள் பெரும்பாலும் கிழக்கே சற்றுச் சாய்ந்திருப்பதால், மேற்கிலிருந்து நடப்பவர் பழைமையிலிருந்து புதுமைக்குச் செல்கிறார். இங்குப் புதையுண்ட ஜீவன்களைத் தொல்லுயிரியலாளர் ஸ்டோலிஸ்கா வர்ணித்தபின், ஐரோப்பிய அடுக்குகளின் ஜீவன்களோடு ஒப்பிட்டு இவற்றின் காலப்படியை நிர்ணயிப்பது எளிதாயிற்று.

ஆயினும் பழைய அடுக்கிலிருந்து அரித்தெடுக்கப்பட்ட ஓடு புதிய அடுக்கில் மீண்டும் படிந்து ஏமாற்றுவதுண்டு. தேய்ந்த விளிம்பும் உள்ளே நிரம்பிய அந்நிய மண்ணும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

அடுக்குகளையும் ஜீவன்களையும் ஒப்பிடும் முறை வரிசையை மட்டுமே தரும். ஆண்டுக் கணக்கு, எரிமலைச் சாம்பல் போன்றவற்றிலுள்ள கதிரியக்கத் தனிமங்களின் சிதைவை அளந்தே கிடைப்பது. அவ்வாறு கணித்ததில், கிரெட்டேஷியஸ் யுகம் சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிவுற்றது.