படுத்த படுக்கையாக மாமியார், தூக்கமில்லாத மருமகள்: வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் இரவைச் சமாளிப்பது எப்படி?

பக்கவாதம் வந்தவரை ஆஸ்பத்திரியில் இருந்து டிஸ்சார்ஜ் செய்யும்போது பெரும்பாலும் சொல்லி அனுப்புவது இதைத்தான்: "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புரட்டிப் படுக்க வைங்க." படுக்கைப் புண் வராமல் தடுக்கச் சொல்லும் சரியான அறிவுரைதான். ஆனால் இரவு முழுக்க யார் எழுந்து புரட்டுவது என்பதை யாரும் சொல்வதில்லை. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவரின் சோர்வும் பதற்றமும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ராஜபாளையத்தில் ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 68 வயது மாமியாருக்கு வலது கை, கால் விழுந்துவிட்டது. மகனுக்கு ஸ்பின்னிங் மில்லில் வேலை, பகல் பார்ப்பது மருமகள். மகளைக் கட்டிக்கொடுத்திருப்பது அருகிலேயே ஸ்ரீவில்லிபுத்தூரில். "நான் பாத்துக்கிறேன்"னு மருமகள் இரவையும் சேர்த்து ஏற்றுக்கொள்கிறார். 10 மணி, 12 மணி, 2 மணி, 4 மணி, 6 மணி என்று அலாரம். துணி மாற்றி, புரட்டி, மறுபடி கண் அயர்வதற்குள் அரை மணி போய்விடும். ஒரே மூச்சாக ஒன்றரை மணி நேரத் தூக்கம்கூட மிஞ்சாது. இப்படி ஒரு வாரம் போனால் காலை மாத்திரை கொடுத்தோமா இல்லையா என்பதே மறந்துபோகும்.

2 மணி நேரக் கணக்கைத் தளர்த்த முடியுமா?

முடியும், நிபந்தனைகளோடு. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2014-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், படுக்கைப் புண் வரும் ஆபத்து அதிகம் உள்ளவரைக் குறைந்தது 4 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நிலை மாற்ற வேண்டும் என்கிறது. அழுத்தத்தைக் குறைக்கும் மெத்தை இருந்து, தோலும் நன்றாக இருந்தால், இரவில் மட்டும் இடைவெளியை நீட்டிக்கலாமா என்று டாக்டரிடமோ செவிலியரிடமோ கேட்டு முடிவு செய்யலாம். பகலில் 2 மணி நேரக் கணக்கே தொடரட்டும்.

மெத்தை என்றால் மெடிக்கல் கடைகளில் 'ஏர் பெட்' என்று கேட்டால் கிடைக்கும் பம்ப் வைத்த காற்று மெத்தை. அதன் மேல் ஒரே ஒரு காட்டன் விரிப்பு போதும். கனமான போர்வையை மடித்துப் போட்டால் மெத்தையால் பயனில்லை. காற்று போதுமா என்று பார்க்க, மெத்தைக்கு அடியில், நோயாளியின் இடுப்புக்கு நேராக உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். உடம்பின் பாரம் நேராகக் கையில் இடித்தால் காற்று போதவில்லை. கரண்ட் போனால் பம்ப் நின்றுவிடும், சில மெத்தைகள் மெல்ல இறங்கியும் விடும். அன்றைக்கு மட்டும் பழைய 2 மணி நேரக் கணக்குக்குத் திரும்ப வேண்டியதுதான்.

நம் ஊர் தோல் நிறத்தில் சிவப்பு தெரியாதே?

இது முக்கியமான கேள்வி. பின் இடுப்பு, குதிகால், இடுப்பெலும்பு, தோள்பட்டை ஆகிய இடங்களில் சிவந்த திட்டு தெரிந்தால், விரலால் அழுத்தி எடுக்க வேண்டும். நிறம் வெளிறாமல் அப்படியே இருந்தால் அது புண்ணின் தொடக்கம் என்பார்கள். மாநிறம், கருநிறத் தோலில் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். அதனால் புறங்கையை வைத்துத் தொட்டுப் பார்ப்பது நல்லது. சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருந்தாலும், கருநீலம் ஓடியிருந்தாலும் உஷாராக வேண்டும். புரட்டி அரை மணி கழித்தும் அது மாறவில்லை என்றால் 4 மணி நேர இடைவெளி இவருக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம். அந்தத் திட்டைத் தேய்த்துவிடவோ பவுடர் போடவோ கூடாது. நடுவில் ஓட்டை உள்ள வட்டத் தலையணையும் வேண்டாம், அது சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

ஒருக்களித்துப் படுக்க வைக்கும்போது முழுப் பாரமும் இடுப்பெலும்பில் விழக்கூடாது. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை கொடுத்து லேசாகச் சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் குதிகால் மெத்தையைத் தொடாது. மேலே நகர்த்த வேண்டுமானால் கையைப் பிடித்து இழுக்காமல், விரிப்போடு சேர்த்து இருவர் தூக்க வேண்டும். பக்கவாதம் வந்த பக்கத்துக் கையை இழுத்தால் தோள் மூட்டு விலகும் ஆபத்து உண்டு.

இரவை எப்படிப் பங்கு போடுவது?

இனி அந்த ராஜபாளையம் வீட்டின் இரவு, மில் ஷிப்ட் மாதிரியே 10, 2, 6 என்று மாறுகிறது. 10 மணிக்கு இருவரும் சேர்ந்து புரட்டிவிட்டு மருமகள் வேறு அறையில் தூங்கப் போகிறார். 2 மணி வரை மகன் பொறுப்பு. 2 மணிக்கு மறுபடி இருவரும் சேர்ந்து புரட்டியதும் மகன் தூங்கப் போகிறார். மருமகளுக்கு முழுதாக 4 மணி நேரத் தூக்கம் கிடைக்கிறது. வேறு அறை என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. பக்கத்திலேயே படுத்தால் ஒவ்வொரு இருமலுக்கும் காது விழித்துக்கொள்ளும். மகனுக்கு நைட் ஷிப்ட் வரும் வாரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் மகள் வந்து தங்க வேண்டும், அதை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். "எப்ப வேணா கூப்பிடுங்க" என்பது உதவி ஆகாது. "வெள்ளி ராத்திரி நான்" என்பதுதான் உதவி.

பயத்துக்கு என்ன செய்வது?

இரவில் மூச்சு ஓடுகிறதா என்று எழுந்து எழுந்து பார்ப்பது, இந்த நிலையில் பலர் செய்வதுதான். எது அவசரம், எது காலை வரை பொறுக்கும் என்று தெரியாததால் எல்லாமே அவசரமாகத் தெரிகிறது. டிஸ்சார்ஜ் அன்றே டாக்டரிடம் கேட்டு இரண்டு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாம். மூச்சுத் திணறல், புதிதாக முகம் கோணுவது, பேச்சு குழறுவது, வலிப்பு, எழுப்பியும் எழாத மயக்கம் என்றால் யோசிக்காமல் 108. மலச்சிக்கல், ஒருவேளை சாப்பிட மறுப்பது போன்றவை காலையில் கேட்டால் போதும். மூக்கு வழி உணவுக் குழாய் வெளியே வந்துவிட்டால் வீட்டில் திரும்பச் சொருகக் கூடாது. குழாய் வழியே எதுவும் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கோ செவிலியருக்கோ போன் செய்ய வேண்டும்.

மாத்திரைக்குத் தினசரி காலண்டர் தாளே போதும். கொடுத்ததும் ஒரு டிக். டிக் இருக்கிறதா என்று சந்தேகப்பட்டு இன்னொரு தடவை கொடுப்பது, சுகர், பிபி மாத்திரைகளில் ஆபத்தில் முடியும்.

அரசு உதவி என்ன இருக்கிறது?

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை பிபி, சுகர் மாத்திரை தரும் திட்டமாகவே பலர் நினைக்கிறார்கள். நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து நோய் ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் தருவதும் அதே திட்டத்தில்தான் வருகிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகரவாசிகள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும், சுற்றுக் கிராமத்தினர் தங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பெயரைப் பதியச் சொல்லிக் கேட்கலாம். 104 எண்ணிலும் விசாரிக்கலாம். செவிலியர் தினமும் வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. வரும் அன்றைக்கு, புரட்டுவதையும் புண் பார்ப்பதையும் வீட்டில் குறைந்தது இருவருக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்வதுதான் புத்திசாலித்தனம். அப்படியே பார்த்துக்கொள்பவரின் பிபியையும் பார்த்துவிடச் சொல்லலாம். தன் மாத்திரையை முதலில் மறப்பவர் அவர்தான்.

எப்போது தனக்கே உதவி தேட வேண்டும்?

நோயாளி தூங்கும்போதும் தனக்குத் தூக்கம் வராதது, காரணமில்லாமல் அழுகை, எதிலும் பிடிப்பில்லாதது, நோயாளியிடம் கை ஓங்கும் அளவுக்குக் கோபம். இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் வெறும் சோர்வு என்று விட்டுவிடக் கூடாது. கை ஓங்கிவிட்டாலோ, உயிரை விடத் தோன்றினாலோ இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அந்த எண்ணையும் சுவரில் 108-க்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கலாம்.