ஓ.ஆர்.எஸ்.: சர்க்கரை திறக்கும் கதவு

வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். குடிக்கணும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். அதுல உப்பு எதுக்குன்னு கேட்டா, உடம்புல இருந்து வெளியே போன உப்பை ஈடுகட்டன்னு சொல்லிடுவோம். சர்க்கரை எதுக்கு? தெம்புக்குன்னு சொல்றவங்கதான் அதிகம். ஆனா அந்தச் சர்க்கரையோட முக்கியமான வேலை வேற. இன்னைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம்.

காலராவில் ஒருவர் ஒரே நாளில் பத்து லிட்டருக்கு மேல்கூட நீரை இழக்கலாம். வெறும் தண்ணீர் கொடுத்தால் அதுவும் வெளியே வந்துவிடும். உப்புத் தண்ணீருக்கும் அதே கதிதான். அதனால் நரம்பு வழியாக சலைன் ஏற்றுவதுதான் வழி என்று மருத்துவர்கள் நம்பியிருந்தார்கள்.

1960-ல் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் ஒரு விளக்கம் சொன்னார். சிறுகுடலின் உட்சுவரில் ஒரு கதவு இருக்குன்னு வெச்சுக்கோங்க. குளுக்கோஸும் உப்பில் இருக்கிற சோடியமும் ஜோடியாக வந்தால்தான் அது திறக்கும். ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு சோடியம் என்பது கணக்கு. இரண்டும் உள்ளே போனதும், தண்ணீர் பின்னாடியே போகும். காலராவின் நச்சு குடல் செல்களில் இருந்து உப்பையும் நீரையும் வெளியே கொட்ட வைக்கிறது. ஆனால் இந்தக் கதவை அது கெடுப்பதில்லை. குழாய் ஒழுகிக்கிட்டே இருந்தாலும், இன்னொரு பக்கம் தொட்டியை நிரப்ப முடியும்.

அப்போ சர்க்கரையையும் உப்பையும் நிறையப் போட்டா இன்னும் நல்லதுதானே? அந்தக் கேள்விக்கு 1962-ல் மணிலாவில் ஒரு துயரமான பதில் கிடைத்தது. அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ராபர்ட் பிலிப்ஸ் அங்கே காலரா நோயாளிகளுக்கு குளுக்கோஸ் கலந்த உப்புக் கரைசலைக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார். முதலில் நம்பிக்கை தரும் முடிவுகள். பிறகு சோதனையை விரிவாக்கியபோது சில நோயாளிகள் இறந்துபோனார்கள். கரைசல் அடர்த்தி அதிகமாக இருந்தது பின்னால் புரிந்தது.

அடர்த்தி கூடினா என்ன ஆகும்? உப்பில் போட்ட மாங்காயில் தண்ணீர் விடுவதைப் பார்த்திருப்பீங்க. அதேதான். கதவுக்கும் ஒரு வேக வரம்பு உண்டு. அதைத் தாண்டி மிஞ்சும் சர்க்கரை குடலுக்குள்ளேயே தங்கி, ரத்தத்தில் இருக்கிற நீரையும் குடலுக்குள் இழுக்கும். வயிற்றுப்போக்கு இன்னும் அதிகமாகும்.

1968-ல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் மருத்துவர்கள் அளவைச் சரிசெய்தார்கள். நோயாளியிடமிருந்து எவ்வளவு வெளியேறுகிறது என்று அளந்து, அதற்கு ஈடாகக் குடிக்க வைத்தார்கள். சலைன் தேவை பெருமளவு குறைந்தது. ஆனால் அது ஆய்வுக்கூட ஒழுங்கோடு நடந்த சிகிச்சை. கூட்டத்துக்கு நடுவில் இது நடக்குமா?

1971. வங்கதேசப் போரில் தப்பி வந்த அகதிகளால் எல்லையோர ஊரான பங்காவ் நிரம்பியிருந்தது. காலரா பரவியது. சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கே இருந்த குழந்தை மருத்துவர் திலீப் மஹலனாபிஸ், கல்கத்தாவில் பொடி கலந்து பாக்கெட் போட வைத்தார். ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. டிரம்களில் கரைத்து, நோயாளியின் சொந்தக்காரர்களையே பிடித்துக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். மிக மோசமான நிலையில் இருந்தவர்களுக்கு மட்டும் முதலில் சலைன். அதற்கு முன் முகாம்களில் சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு, அவருடைய பராமரிப்பில் 3.6 சதவீதமாக இறங்கியது.

2002-ல் உலக சுகாதார நிறுவனம் அளவை இன்னும் நீர்க்கச் செய்தது: லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, கூடவே பொட்டாசியமும் சிட்ரேட்டும். இப்போது குளுக்கோஸும் சோடியமும் எண்ணிக்கையில் சமம். இதோடு ஒரு கோலாவை ஒப்பிட்டுப் பாருங்க. அதில் லிட்டருக்கு சர்க்கரை 100 கிராமைத் தாண்டும், சோடியமோ பேருக்குத்தான். கதவைத் திறக்க ஜோடி இல்லை, நீரை இழுக்கச் சர்க்கரை நிறைய.

நம்ம வீட்டுல நடக்கிற தப்பும் இதேதான். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரே டம்ளர்ல கொட்டிக் கலக்கினா, அதுவும் அடர்த்தி மிக அதிகமான கரைசல் ஆகிடும். 200 மில்லி பாக்கெட்டும் கடையில இருக்கு, அதனால பாக்கெட்டில் எழுதியிருக்கிற அளவைப் பாருங்க. சரியாகக் கலந்ததை ருசி பார்த்தா, கண்ணீரைவிட அதிகமாக உப்புக் கரிக்கக் கூடாது.

இன்னொரு விஷயம்: ஓ.ஆர்.எஸ். வயிற்றுப்போக்கை நிறுத்தாது, இழந்த நீரைத் திருப்பித் தரும். அதனால குடிச்சும் இன்னும் போகுதேன்னு நிறுத்திடாதீங்க. ஆனா குழந்தையோட கண் உள்ளே போய், சிறுநீர் வராம, குடிக்கக்கூட முடியாம துவண்டு கிடந்தா, டம்ளரை வெச்சுட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும். அங்கே சலைன்தான் முதல்ல.