இரும்புக்குக் குளிரும்போது

டிசம்பர் கடைசியில் ஏற்காட்டில் விடியற்காலை பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கும். எங்களுக்கு அதுவே பெரிய குளிர். லேடீஸ் சீட்டில் சால்வையைப் போர்த்திக்கொண்டு கீழே சேலத்தைப் பார்த்தபடி நின்றிருந்தோம், நானும் மாமாவும். மேற்கே கஞ்சமலை, அதன் அடிவாரத்தில் சேலம் உருக்காலை. மாமாவுக்குச் சேலத்தில் ஒரு சின்ன பேப்ரிகேஷன் பட்டறை. கேட், ஷெட், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு என்று இருபது வருஷமாக இரும்போடுதான் பிழைப்பு. அந்த வாரம் அவருக்கு ஒரு புது ஆர்டர் வந்திருந்தது. லடாக்கில் நிறுத்த வேண்டிய தொட்டி ஸ்டாண்டுகள்.

"இதே பிளேட்டைத்தானடா நம்ம ஊர்ல போடறோம். அங்க போனா மட்டும் என்ன, இரும்பு மாறிடுமா?" என்றார்.

நான் எஞ்சினியரிங் படித்தவன். வேலை பார்ப்பது சாஃப்ட்வேர். ஆனாலும் இந்தக் கேள்விக்கு "மாறிடும் மாமா" என்று உடனே சொல்ல முடிந்ததற்குக் காரணம், இரண்டாம் வருஷ லேபில் பார்த்த ஒரு காட்சி. அதைச் சொல்வதற்கு முன், 1943-இல் ஒரு கப்பலுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் போர்ட்லேண்ட் நகரம். இரண்டாம் உலகப் போர்க் காலம். அங்கே கைசர் நிறுவனத்தின் ஸ்வான் ஐலண்ட் கப்பல்தளத்தில் ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பலைக் கட்டி முடித்திருந்தார்கள். வெள்ளோட்டமும் முடிந்துவிட்டது. ஜனவரி 16 இரவு, ஆற்றோரத்தில் அசையாமல் கட்டிக் கிடந்தது. காற்றும் இல்லை, அலையும் இல்லை. திடீரென்று வெகு தூரம் கேட்கும் ஒரு சத்தத்தோடு கப்பல் நடுவில் இரண்டாகப் பிளந்தது. மேல்தளத்தில் தொடங்கிய விரிசல் இரண்டு பக்கச் சுவர்களிலும் இறங்கி, அடித்தகடு வரை போய் நின்றது. நடுப்பகுதி மேலே எழும்ப, முன்முனையும் பின்முனையும் ஆற்றின் தரையில் போய் உட்கார்ந்தன. அன்றைய காற்றின் வெப்பநிலை சுமார் மைனஸ் 3 டிகிரி. தண்ணீர் 4 டிகிரி.

முதலில் எல்லோரும் வெல்டிங்கைத்தான் திட்டினார்கள். அதில் பாதி நியாயம் இருந்தது. பழைய கப்பல்கள் ரிவெட் அடித்தவை. ஒரு தகட்டில் விரிசல் விட்டால் அது பெரும்பாலும் அந்தத் தகட்டின் விளிம்போடு நின்றுவிடும். வெல்டிங் செய்த கப்பலோ ஒரே துண்டு மாதிரி. விரிசலுக்கு நிற்க இடமே இல்லை. ஆனால் விரிசல் ஓடுவதற்கு வழி இருந்தது என்பது வேறு, ஓட வைத்தது எது என்பது வேறு. கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற உலோகவியலாளர் உடைந்த கப்பல்களின் உருக்கை ஆராய்ந்து இரண்டாவது கேள்விக்குப் பதில் சொன்னார். அந்த உருக்கு ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனால் தன் குணத்தையே மாற்றிக்கொள்கிறது.

என்ன குணம்? உருக்கை அளவுக்கு மீறி இழுத்தால் அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உள்ளே அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, உலோகம் வளைந்து நீளும். இன்னொன்று, அடுக்குகள் நேராகப் பிரிந்து கண்ணாடி மாதிரி விட்டுவிடும். எது எளிதோ அது நடக்கும். சாதாரண உருக்கில் அணுக்கள் ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும், நட்டநடுவில் ஒன்றுமாக அமர்ந்திருக்கும். இந்த அமைப்பில் அடுக்குகள் வழுக்குவதற்கு வெப்பத்தின் அதிர்வு உதவ வேண்டும். குளிரக் குளிர அந்த உதவி குறைகிறது, வழுக்குவது கஷ்டமாகிறது. ஆனால் பிரிவதற்கு வேண்டிய விசை அவ்வளவாக மாறுவதில்லை. ஒரு கட்டத்தில் வழுக்குவதைவிடப் பிரிவதே எளிது என்றாகிவிடும்.

இதில் ஒரு பெரிய ஏமாற்று இருக்கிறது. வழுக்குவது கஷ்டம் என்றால், வழக்கமான இழுப்புச் சோதனையில் உருக்கின் வலிமை கூடியதாகத்தான் தெரியும். அதாவது குளிர்ந்த உருக்கு காகிதத்தில் இன்னும் நல்ல உருக்கு. கப்பல் தகடுகளும் இழுப்புச் சோதனையில் தேறியவைதான். பலவீனம் வெளியே வர மூன்று விஷயங்கள் சேர வேண்டும்: குளிர், திடீர் அடி, விசை குவிவதற்கு ஒரு கீறல். கப்பலில் கீறலுக்குப் பஞ்சமே இல்லை. மேல்தளத் திறப்புகளின் சதுர மூலைகள், சரியாக விழாத வெல்டிங், எல்லாமே கீறல்தான்.

இந்த மூன்றையும் வேண்டுமென்றே ஒன்றுசேர்க்கும் சோதனை அதற்கு நாற்பது வருஷம் முன்பே இருந்தது. பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் சார்பி 1901-இல் முறைப்படுத்திய ஊசல் சோதனை அது. அதைத்தான் நான் இரண்டாம் வருஷ லேபில் செய்தேன்.

10 மில்லிமீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் கனம், 55 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு உருக்குத் துண்டு. நடுவில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு 'வி' வடிவக் கீறல். துண்டின் இரு முனைகளையும் தாங்கிகளில் வைத்துவிட்டு, கீறலுக்கு நேர் எதிர்ப்பக்கம் ஒரு கனத்த சுத்தியலை ஊஞ்சல் மாதிரி உயரத்திலிருந்து விடுவார்கள். சுத்தியல் துண்டை உடைத்துக்கொண்டு மறுபக்கம் ஏறும். எவ்வளவு குறைவாக ஏறுகிறதோ, அவ்வளவு ஆற்றலைத் துண்டு விழுங்கியிருக்கிறது. 20 கிலோ சுத்தியலை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விடுகிறோம், மறுபக்கம் அரை மீட்டர்தான் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இழந்தது ஒரு மீட்டர். 20 × 9.8 × 1, அதாவது 196 ஜூல். கணக்கு அவ்வளவுதான்.

அன்று லேபில் முதல் துண்டை அறை வெப்பநிலையில் அடித்தோம். மந்தமான ஒரு சத்தம். துண்டு பாதி கிழிந்து, வளைந்து, பிய்த்த ரொட்டி மாதிரி நார் நாராக இருந்தது. இரண்டாவது துண்டுக்காக எங்கள் சார், மாட்டு ஆஸ்பத்திரியில் சினை ஊசி வைக்கும் கேனிலிருந்து கொஞ்சம் திரவ நைட்ரஜன் கேட்டு வாங்கி வந்திருந்தார். இடுக்கியால் துண்டை வெளியே எடுத்ததும், "அஞ்சு செகண்டுக்குள்ள அடிச்சிடணும்ப்பா, சூடேறிடும்" என்று அவசரப்படுத்தினார். இந்த முறை "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம். சுத்தியல் ஏதோ காற்றை வெட்டியது மாதிரி மறுபக்கம் ஏறியது. முள் காட்டியது ஐந்தாறு ஜூல். உடைந்த முகம் தட்டையாக, சர்க்கரையைத் தூவினாற்போல் மினுமினுத்தது. இரண்டும் ஒரே கம்பியிலிருந்து வெட்டியவை.

கப்பல் விவகாரத்தில் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய ஆய்வகம் செய்ததும் இந்தச் சோதனைதான். ஆனால் அவர்கள் தகடுகளைப் பிரித்த விதம் அழகானது. உடைந்த கப்பல்களிலிருந்து தகடுகளை வெட்டி எடுத்து மூன்று குவியலாக்கினார்கள். விரிசல் பிறந்த தகடுகள், விரிசல் கடந்துபோன தகடுகள், விரிசல் வந்து நின்ற தகடுகள். ஒவ்வொன்றையும் அந்தந்தக் கப்பல் உடைந்த வெப்பநிலையில் வைத்துப் பார்த்தபோது, விரிசல் பிறந்த தகடுகளின் ஆற்றல் மிகக் குறைவு, நின்ற தகடுகளில் அதிகம். இந்த ஆய்விலிருந்துதான் 15 அடி-பவுண்டு, அதாவது சுமார் 20 ஜூல், என்ற எல்லைக்கோடு வந்தது. பின்னால் வந்த தர விதிகளில் பலவும் கொஞ்சம் கூட்டி 20 அடி-பவுண்டு என்று வைத்துக்கொண்டன. அதை ஜூலில் மாற்றினால் 27.

அந்த 27 இன்று மாமாவின் பட்டறை வரை வந்திருக்கிறது. நம் நாட்டில் கட்டுமான உருக்குக்கான விதி ஐஎஸ் 2062. அதில் அதிகம் புழங்கும் ரகம் இ250. 250 என்பது வலிமை, சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன். பெயருக்குப் பின்னால் வரும் எழுத்தை யாரும் கவனிப்பதில்லை. ஏ என்றால் சார்பி சோதனையே வேண்டாம். பிஆர் என்றால் அறை வெப்பநிலையில், அதுவும் வாங்குபவர் கேட்டால் மட்டும். பி ஜீரோ என்றால் 0 டிகிரியில் 27 ஜூல் கட்டாயம். சி என்றால் மைனஸ் 20-இல் 27 ஜூல். வலிமை நான்குக்கும் ஒன்றுதான், பார்வைக்கும் ஒன்றுதான். வித்தியாசம் உருக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது: கரியைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டுவது, பாஸ்பரஸையும் கந்தகத்தையும் அடக்குவது, படிகங்களைப் பொடியாக வைத்திருப்பது. இதெல்லாம் குணம் மாறும் வெப்பநிலையைக் கீழே தள்ளும்.

மாமா போனை எடுத்து சர்டிஃபிகேட் படத்தைத் தேடினார். இ250 ஏ. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"அப்ப இது உடைஞ்சிடுமா?"

"உடையும்னு சொல்ல முடியாது மாமா. உடையாதுன்னு யாரும் பார்க்கலை, அவ்வளவுதான்."

சார்பி எண்ணின் வரம்பும் அதுதான். ஒரு ஸ்டாண்டு எத்தனை டன் தாங்கும் என்று 27 ஜூலை வைத்துக் கணக்குப் போட முடியாது. 10 மில்லிமீட்டர் துண்டு சொல்வது 40 மில்லிமீட்டர் தகட்டுக்கு அப்படியே பொருந்தாது. கனத்த தகடு இன்னும் சீக்கிரம் நொறுங்கும் பக்கம் சாயும். குணம் மாறும் எல்லையருகே ஒரே தகட்டின் துண்டுகள் ஆளுக்கொரு எண் காட்டும். அதனால்தான் மூன்று துண்டுகளை உடைத்துச் சராசரி எடுக்கிறார்கள். சோதனை ஒரு சல்லடை. குளிருக்கு ஆகாத உருக்கை அது முன்கூட்டியே பிரித்துக் காட்டும்.

"எந்த ராடு போடறீங்க?" என்று கேட்டேன்.

"6013. வேற என்ன?"

அங்கேயும் அதே கதை. 6013 வெல்டிங் ராடுக்கு அமெரிக்க விதியில் சார்பி நிபந்தனையே கிடையாது. 7018-க்கு உண்டு: மைனஸ் 29 டிகிரியில் 27 ஜூல். சி ரகத் தகட்டை வாங்கி 6013-ஆல் ஒட்டினால், விரிசல் பிறக்க ஏற்ற இடத்தை நாமே செய்து வைத்த மாதிரி. ஸ்கெனெக்டடியை நினைத்துக்கொண்டேன். வெல்டிங்கைத் திட்டியவர்களும் முழுக்கத் தப்பில்லை.

மாமா கஞ்சமலைப் பக்கம் கையை நீட்டினார். "நம்ம உருக்காலை ஸ்டெயின்லெஸ்லயே செஞ்சா?"

நல்ல கேள்வி. பாத்திரங்களுக்குப் போகும் 304 ரக ஸ்டெயின்லெஸ்ஸில் சுமார் 18 சதம் குரோமியம், 8 சதம் நிக்கல். நிக்கல் அணுக்களின் அமைப்பையே மாற்றிவிடுகிறது. நடுவில் இருக்க வேண்டிய அணு போய், கனசதுரத்தின் ஒவ்வொரு முகத்திலும் ஒன்று உட்காரும். அந்த அமைப்பில் அடுக்குகள் வழுக்க வெப்பத்தின் தயவு அவ்வளவாக வேண்டியதில்லை. ஆகவே சட்டென்று குணம் மாறும் புள்ளியே அதற்குக் கிடையாது. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் தொட்டிகளை அதில் செய்வது அதனால்தான். பத்து டிகிரிக்கே சால்வை தேடும் ஊரின் அடிவாரத்தில், குளிரே உறைக்காத உருக்கு. ஆனால் விலை பல மடங்கு. தொட்டி ஸ்டாண்டுக்குக் கட்டுப்படியாகாது.

இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே மாமா வியாபாரிக்குப் போன் போட்டார். "சி ரகம் வேணுங்க. சர்டிஃபிகேட்ல மைனஸ் இருபதுன்னு எழுதியிருக்கணும், மூணு துண்டோட ரீடிங்கும் இருக்கணும்." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "ஆமாங்க, விலை கூடத்தான் இருக்கும், தெரியும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அந்த ஊர்ல மைனஸ் இருபதுக்குக் கீழ போகுமா?" என்று கேட்டார்.

லே நகரில் கடுங்குளிர் இரவுகள் அதைத் தொடும். திராஸ் மாதிரி இடங்களில் அதற்கும் கீழே போகும். அப்படியென்றால் சி-யும் போதாது. இன்னும் குறைந்த வெப்பநிலையில் சோதித்துத் தரச் சொல்லித் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஸ்டாண்டு எந்த ஊரில் நிற்கப் போகிறது என்று ஆர்டரில் எழுதியிருக்கவில்லை. மாமா வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு, அடுத்த போனை ஆர்டர் கொடுத்தவருக்குப் போட்டார்.