‘நேத்து பார்த்த வீடியோ எங்கடா போச்சு?’ பெற்றோருக்கு யூடியூப் சொல்லிக் கொடுப்பது எப்படி?

வீட்டில் அம்மா, அப்பாவுக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தாச்சு. ஆனால் பார்த்த வீடியோவை மறுபடி கண்டுபிடிக்க முடியலைன்னு அடிக்கடி போன் வருதா?

முதலில் அந்த போனில் யாருடைய கூகுள் கணக்கு இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் கணக்கைப் போட்டுக் கொடுத்திருந்தால், அம்மா லைக் போடும் சமையல் வீடியோக்கள் உங்கள் பட்டியலில் வந்து நிற்கும். உங்களுடையவை அங்கே போகும். கணக்கே இல்லாவிட்டால் லைக்கும் சப்ஸ்கிரைபும் வேலை செய்யாது. அவர்கள் பெயரிலேயே ஒரு கணக்கு தொடங்குவது நல்லது.

அடுத்து தேடல். டைப் செய்ய வைத்து சிரமப்படுத்த வேண்டாம். மேலே இருக்கும் பூதக்கண்ணாடியைத் தொட்டால், பக்கத்தில் மைக் படம் வரும். அதைத் தொட்டு “வத்தக்குழம்பு செய்வது எப்படி” என்று சொன்னால் போதும். தமிழில் பேசியது ஆங்கிலத்தில் ஏதேதோ வார்த்தையாக வந்தால், குரல் மொழி ஆங்கிலத்தில் இருக்கிறது என்று அர்த்தம். கூகுள் ஆப்பின் செட்டிங்ஸில் குரலுக்கான மொழியாகத் தமிழைச் சேருங்கள். முடிவுகளில் முதலில் வருவது சில நேரம் விளம்பரமாக இருக்கும். Sponsored என்று இருந்தால் தாண்டிப் போகச் சொல்லுங்கள்.

இனி முக்கியமான விஷயம். வத்தக்குழம்பு வீடியோ பிடித்துவிட்டது, நாளைக்கும் வேண்டும். இதற்கு Save பட்டன்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் வீடியோவுக்குக் கீழே இருக்கும் அந்த வரிசையை விரலால் இடப்பக்கம் தள்ளினால்தான் பல போன்களில் Save கண்ணில் படும். வயதானவர்கள் அங்கேயே தடுமாறுகிறார்கள். கட்டைவிரல் படம் அப்படி ஒளிந்திருக்காது. அதைத் தொட்டாலே வீடியோ Liked videos என்ற பட்டியலில் சேர்ந்துவிடும். எனவே முதல் வாரம் லைக் மட்டும் போதும். ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள்: ரெண்டாவது தடவை தொட்டால் லைக் போய்விடும், பட்டியலிலிருந்தும் வீடியோ போய்விடும். கட்டைவிரல் கறுப்பாக நிரம்பியிருந்தால் (டார்க் மோடில் வெள்ளையாக) லைக் விழுந்திருக்கிறது.

மறுநாள் எடுப்பது எப்படி? கீழே வலது ஓரத்தில் இருக்கும் You என்பதைத் தொட்டால் Liked videos இருக்கும். Save செய்தது Watch later பட்டியலில் இருக்கும். இரண்டுமே டவுன்லோட் இல்லை. நெட் தீர்ந்துவிட்டால் ஓடாது, சேனல்காரர் வீடியோவை நீக்கினால் நமக்கும் கிடைக்காது.

“சப்ஸ்கிரைப் பண்ணா காசு எடுப்பாங்களா?” அப்பாக்கள் கேட்கும் கேள்வி இது. எடுக்க மாட்டார்கள். அந்த சேனலின் புது வீடியோக்கள் கீழே Subscriptions பகுதியில் வரும், அவ்வளவுதான். பக்கத்தில் Join என்று இன்னொரு பட்டன் சில சேனல்களில் இருக்கும். அதுதான் மாதாமாதம் பணம் கட்டும் உறுப்பினர் திட்டம். அதைத் தொட வேண்டாம் என்று காட்டிக் கொடுங்கள்.