எதிர்பாராச் செலவு ஒதுக்கீடு

எதிர்பாராச் செலவு ஒதுக்கீடு என்பது, ஒரு கட்டுமானத்தின் செலவு மதிப்பீட்டில், கணக்கிடப்பட்ட வேலைகளின் கூட்டுத்தொகைக்கு மேல், முன்கூட்டியே துல்லியமாக அறிய முடியாத செலவுகளுக்காகச் சேர்க்கப்படும் தொகை ஆகும். மண் ஆய்வில் தெரியாத பாறை, வரைபடத்தில் இல்லாத நிலத்தடிக் குழாய், அளவுப் பட்டியலில் விடுபட்ட சிறு வேலை போன்றவை இத்தொகையிலிருந்து ஈடுசெய்யப்படுகின்றன. இத்தொகை குறைவாக வைக்கப்பட்டால், திட்டத்தின் நிகர நிகழ்கால மதிப்பு உண்மையை விட உயர்வாகத் தோன்றும். அதன் விளைவாக, கைவிடப்பட்டிருக்க வேண்டிய திட்டம் ஒன்று ஒப்புதல் பெற்றுவிடக் கூடும்.

## எவை இதில் அடங்கும்

இவ்வொதுக்கீடு, திட்டத்தின் எல்லைக்குள் நிகழக்கூடிய, ஆனால் நிகழுமா என்று உறுதியாகக் கூற முடியாத செலவுகளுக்கு உரியது. பின்வரும் இரண்டும் வழக்கமாக இதில் சேர்க்கப்படுவதில்லை.

* விலையேற்றம்: சிமெந்து, எஃகு, கூலி ஆகியவற்றின் விலை உயர்வுக்குத் தனித் தொகை ஒதுக்கப்படுகிறது.
* திட்ட எல்லை மாற்றம்: இருவழிப் பாலத்தை நான்கு வழிப் பாலமாக மாற்றினால் அது வேறு திட்டமாகும். அதற்குத் திருத்திய மதிப்பீடும் புதிய ஒப்புதலும் தேவை.

நடைமுறையில் இக்கோடு பல நேரங்களில் அழிந்துவிடுகிறது. உரிமையாளர் பின்னர் விரும்பிக் கேட்கும் கூடுதல் வேலைகள் இத்தொகையிலிருந்து செலவிடப்படும்போது, அடித்தளத்தில் உண்மையான சிக்கல் எழும் நேரத்தில் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை.

## கணக்கிடும் முறைகள்

மிக எளிய முறை, அடிப்படைச் செலவின் மீது நிலையான ஒரு விழுக்காட்டைச் சேர்ப்பதாகும். இந்தியப் பொதுப்பணி மதிப்பீடுகளில் 3 முதல் 5 விழுக்காடு வரை சேர்ப்பது நீண்டகால வழக்கம். வடிவமைப்பு முடிந்து, மண் ஆய்வும் செய்யப்பட்ட சாதாரணக் கட்டடத்துக்கு இது போதுமானதாக இருக்கலாம். சுரங்கம், ஆற்றுப் பாலம், நெரிசலான நகரத் தெருவில் அமையும் இருப்புப்பாதை ஆகியவற்றுக்கு இதே விழுக்காட்டைப் பயன்படுத்துவது பொருந்தாது.

இரண்டாவது முறையில், ஐயத்துக்குரிய வேலைகள் ஒவ்வொன்றுக்கும் சாத்தியமான செலவுகளும் அவற்றின் நிகழ்தகவும் எழுதப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, ஒரு பாலத்தின் அடித்தளத்துக்கு 20 கோடி ரூபாய் ஆக 60 விழுக்காடு வாய்ப்பும், 25 கோடி ஆக 30 விழுக்காடு வாய்ப்பும், 40 கோடி ஆக 10 விழுக்காடு வாய்ப்பும் உள்ளதாகக் கொள்ளலாம். பொறியாளர் மதிப்பீட்டில் எழுதுவது, மிகவும் நிகழக்கூடியதான 20 கோடியையே ஆகும். ஆனால் எதிர்பார்ப்புச் சராசரி 12 + 7.5 + 4 = 23.5 கோடி. இந்த 3.5 கோடி வேறுபாட்டை மிகைக் காப்பாகக் கருதக் கூடாது; அதுவும் சராசரிச் செலவின் ஒரு பகுதியே.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம், கட்டுமானச் செலவுகள் இரு பக்கமும் சமமாகப் பரவியிருப்பதில்லை என்பதே. அடித்தளச் செலவு சிறிதளவே குறையக் கூடும். ஆனால் இருமடங்காகவும் உயரக் கூடும். எனவே, ஒவ்வொரு வேலைக்கும் மிகவும் நிகழக்கூடிய செலவை எழுதிக் கூட்டினால், கிடைக்கும் மொத்தம் பெரும்பாலும் சராசரியை விடக் குறைவாகவே இருக்கும்.

மூன்றாவது முறை, திட்டத்தின் உட்கூறுகளை ஆராயாமல், முன்பு முடிக்கப்பட்ட அதே வகைத் திட்டங்கள் மதிப்பீட்டை எவ்வளவு மீறின என்பதைப் பார்ப்பதாகும். பிரித்தானியப் போக்குவரத்துத் துறை 2004 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியின்படி, இருப்புப்பாதைத் திட்டம் ஒன்று செலவு வரம்பை மீறாமலிருக்க 50 விழுக்காடு வாய்ப்பு வேண்டுமாயின், அடிப்படை மதிப்பீட்டுடன் 40 விழுக்காடு சேர்க்க வேண்டும். 80 விழுக்காடு வாய்ப்பு வேண்டுமாயின் 57 விழுக்காடு சேர்க்க வேண்டும்.

## நிகர நிகழ்கால மதிப்பின் மீதான விளைவு

நிகர நிகழ்கால மதிப்பு என்பது, ஒரு திட்டத்தின் எல்லா ஆண்டுகளின் வரவு, செலவுகளையும் கழிவு வீதத்தின் மூலம் இன்றைய மதிப்புக்கு மாற்றிக் கூட்டக் கிடைப்பதாகும்.

```
NPV = Σ Ct / (1 + r)^t
```

இங்கு Ct என்பது t ஆம் ஆண்டின் நிகர வரவு, r என்பது கழிவு வீதம். கட்டுமானச் செலவு தொடக்க ஆண்டுகளில் வருவதால் அது மிகக் குறைவாகவே கழிக்கப்படுகிறது. பயன்களோ பல ஆண்டுகளுக்குப் பின் வருவதால் பெரிதும் சுருங்குகின்றன. இதனாலேயே செலவில் ஏற்படும் சிறு மாற்றம் கூட நிகர மதிப்பைப் பெரிதாக அசைக்கிறது.

ஒரு கற்பனைச் சுங்கப் பாலத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் அடிப்படைச் செலவு 100 கோடி. முதலாம், இரண்டாம் ஆண்டு முடிவுகளில் 50 கோடி வீதம் செலவாகிறது. மூன்றாம் ஆண்டு முதல் 20 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 12 கோடி நிகர வருவாய் கிடைக்கிறது. கழிவு வீதம் 8 விழுக்காடு. வருவாயின் நிகழ்கால மதிப்பு 101.0 கோடி, செலவின் நிகழ்கால மதிப்பு 89.2 கோடி. வேறுபாடு ஏறத்தாழ 11.8 கோடி என்பதால் திட்டம் ஏற்கத்தக்கதாகத் தோன்றுகிறது.

| நிலை | நிகர நிகழ்கால மதிப்பு (கோடி) |
|---|---|
| மதிப்பீட்டின்படி | +11.8 |
| செலவு 10% மிகுதல் | +2.9 |
| செலவு 20% மிகுதல் | −6.0 |
| ஓராண்டுத் தாமதம் மட்டும் | +4.4 |
| ஓராண்டுத் தாமதம், மூன்றாம் ஆண்டில் 10 கோடி கூடுதல் செலவு | −3.6 |

செலவு 10 விழுக்காடு மிகும்போது, நிகர மதிப்பின் முக்கால் பங்கு மறைந்துவிடுகிறது. 11.8 ஐ 89.2 ஆல் வகுத்தால், ஏறத்தாழ 13 விழுக்காடு மீறலில் நிகர மதிப்பு சுழியமாகும் என்பது தெரிகிறது. இதற்கு மேல் மீற வாய்ப்புள்ள வேலைக்கு 5 விழுக்காடு மட்டும் ஒதுக்கி ஒப்புதல் கேட்பது, முடிவெடுப்போரிடமிருந்து முக்கியமான செய்தியை மறைப்பதற்கு ஒப்பாகும்.

அட்டவணையின் கடைசி இரு வரிகள் தாமதத்தின் பங்கைக் காட்டுகின்றன. செலவு சிறிதும் கூடாமல் பாலம் ஓராண்டு பிந்தித் திறக்கப்பட்டால், வருவாய் அனைத்தும் ஓராண்டு தள்ளிப் போய் 7.5 கோடி இழப்பு ஏற்படுகிறது. பாறையை உடைப்பதற்குப் பணமும் தேவை, காலமும் தேவை. ஆகவே செலவு மீறலும் தாமதமும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. தனித்தனியே தாங்கக்கூடிய இவ்விரண்டும் சேர்ந்து வரும்போது திட்டம் நட்டத்தில் முடிகிறது.

## கட்டுமானத்தின் நடுவே மீறல் தெரியவருதல்

மேற்கண்ட பாலத்தில் முதல் ஆண்டு 50 கோடி செலவான பின்னர், எஞ்சிய வேலைக்கு 50 கோடிக்குப் பதிலாக 90 கோடி தேவை என்று தெரியவருவதாகக் கொள்ளலாம். தொடக்கத்திலிருந்து கணக்கிட்டால் நிகர மதிப்பு −22.4 கோடி. முன்பே தெரிந்திருந்தால் எவரும் இத்திட்டத்தைத் தொடங்கியிருக்க மாட்டார்கள்.

ஆனால் செலவழித்த 50 கோடி திரும்பி வராது. இன்று முன்னிருக்கும் தெரிவு, 90 கோடி மேலும் செலவிட்டு முழு வருவாயைப் பெறுவதா, அல்லது பாதித் தூண்களுடன் விட்டுவிடுவதா என்பதே. முதலாம் ஆண்டு முடிவின் மதிப்பில் எஞ்சிய செலவு 83.3 கோடி, வருவாய் 109.1 கோடி. தொடர்வதால் 25.8 கோடி நன்மை கிடைப்பதால், தொடர்வதே சரியான முடிவாகும். முழுமையில் நட்டமான திட்டத்தைப் பாதி வழியில் நிறுத்துவதும் நட்டமாகவே அமையலாம் என்பதை இது காட்டுகிறது. ஆகவே ஒதுக்கீட்டை நேர்மையாக வைப்பதால் பயன் கிடைப்பது முதற் செலவுக்கு முன்னர் மட்டுமே.

## எடுத்துக்காட்டு: எடின்பரோ டிராம்

இசுக்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் திட்டமிடப்பட்ட இரண்டாம் டிராம் வழித்தடத்துக்கு, அதன் முன்மொழிவாளர்கள் ஏறத்தாழ 255 மில்லியன் பவுண்டு அடிப்படைச் செலவும், அதன் மீது 25 விழுக்காடாக 64 மில்லியன் ஒதுக்கீடும் சேர்த்து, ஏறத்தாழ 320 மில்லியன் என மதிப்பிட்டனர். 2004 ஆம் ஆண்டில் இதனை மீளாய்வு செய்த ஓவ் அரப் நிறுவனம், மேற்கூறிய மூன்றாவது முறையைப் பயன்படுத்தியது. 50 விழுக்காடு உறுதிக்கு 357 மில்லியனும், 80 விழுக்காடு உறுதிக்கு 400 மில்லியனும் தேவை என்று அது கணித்தது. அதாவது, 25 விழுக்காடு என்ற பெரிதாகத் தோன்றிய ஒதுக்கீடு, பாதிக்குப் பாதி வாய்ப்புக்குக் கூடப் போதவில்லை.

பின்னர் முதலாம், இரண்டாம் வழித்தடங்களின் பகுதிகள் இணைக்கப்பட்டு, விமான நிலையத்திலிருந்து நியூகேவன் வரையிலான தடத்துக்கு 545 மில்லியன் பவுண்டு நிதி வரம்பு வகுக்கப்பட்டது. 2008 ஆம் ஆண்டில் கட்டுமான ஒப்பந்தம் கையொப்பமானபோது வடிவமைப்பு முழுமையடைந்திருக்கவில்லை. தெருக்களுக்கு அடியிலிருந்த குழாய்களையும் வடங்களையும் இடம் மாற்றும் வேலையும் முடிந்திருக்கவில்லை. தோண்டத் தோண்ட வேலை பெருகியது. எந்த மாற்றத்துக்கு யார் பணம் செலுத்துவது என்பதில் நகரத்தின் டிராம் நிறுவனத்துக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் இடையே பெரும் தகராறு மூண்டது. 2011 ஆம் ஆண்டில் திறக்கப்பட வேண்டிய டிராம் 2014 மே 31 அன்று திறக்கப்பட்டது. அதன் செலவு 776 மில்லியன் பவுண்டு. அதுவும் யார்க் பிளேசு வரையிலான சுருக்கப்பட்ட தடத்துக்கே. நியூகேவன் வரையிலான எஞ்சிய பகுதி 2023 சூனில் திறக்கப்பட்டது.

இங்கு அறிய வேண்டியது, 400 மில்லியன் என்ற கணிப்பும் இறுதிச் செலவை எட்டவில்லை என்பதன்று. திட்டத்தின் எல்லை இடையில் மாறியதால் அவ்விரு எண்களையும் நேரடியாக ஒப்பிட முடியாது. குழாய்கள், முடியாத வடிவமைப்பு ஆகிய இரண்டு இடர்களும் கையொப்பத்துக்கு முன்பே அறியப்பட்டவை. அவை தீரும்வரை காத்திருப்பது, ஒதுக்கீட்டின் அளவை உயர்த்துவதை விடப் பயனுள்ளதாக இருந்திருக்கும்.

## வரம்புகளும் பொதுவான பிழைகளும்

* சராசரியும் நிதி வரம்பும் வேறானவை. நிகர நிகழ்கால மதிப்பில் எதிர்பார்ப்புச் சராசரிச் செலவையே இட வேண்டும். 80 விழுக்காடு உறுதிக்கான உயர்ந்த தொகை, கடன் ஏற்பாட்டுக்கும் நிதி வரம்புக்கும் உரியது. அதை நிகர மதிப்பில் இட்டால் நல்ல திட்டமும் நிராகரிக்கப்படலாம்.
* இரட்டைக் கணக்கு. இடருக்காகச் செலவை உயர்த்திய பின்னர், அதே இடருக்காகக் கழிவு வீதத்தையும் உயர்த்தினால் அது இருமுறை கணக்கிடப்படுகிறது. மேலும், உயர்ந்த கழிவு வீதம் தொலைவிலுள்ள வருவாயையே பெரிதும் சுருக்குகிறது. தொடக்கச் செலவின் ஐயத்துக்கு அது ஏற்ற கருவி அன்று.
* ஒதுக்கீடு செலவாகிவிடுதல். இத்தொகை தளப் பொறியாளரின் கையில் இருந்தால் முழுவதும் செலவாகும் போக்கு உள்ளது. இதனால் சராசரி அளவு திட்ட மேலாளரிடமும், அதற்கு மேற்பட்ட தொகை நிதி வழங்குவோரிடமும் வைக்கப்படுவதுண்டு. வேலையின் 30 விழுக்காடு முடிந்த நிலையில் ஒதுக்கீட்டின் 70 விழுக்காடு தீர்ந்திருந்தால், மதிப்பீட்டைத் திருத்த வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதற்கு அது தெளிவான அறிகுறியாகும்.

## இவற்றையும் பார்க்கவும்

* நிகர நிகழ்கால மதிப்பு
* அளவுப் பட்டியல்
* கழிவு வீதம்
* மீளாச் செலவு